அண்ணனுக்கு வந்தது கோபமா?

சென்ற மாதம் என் அண்ணனைப் பற்றி இங்கே எழுதலாம் என்று நாலு பக்கம் எழுதி வைத்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவான கிணறு, அதில் நான் வைத்த மோட்டார், அதனால் வந்த சண்டை, இரண்டு வருடம் பேச்சு இல்லாமல் போனது, இவ்வளவுதான் கதை. வழக்கம்போல் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னங்க, பக்கத்துக்குப் பக்கம் கோபம் கோபம்னு எழுதியிருக்கீங்க. பெரியவர் எப்பவுமே கோபமாவா இருந்தாரு?" என்றாள். எண்ணிப் பார்த்தேன். பதினோரு இடத்தில் 'அண்ணனுக்குக் கோபம் வந்தது' என்றே இருந்தது.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பள்ளியில் பிரெஞ்சுக் கட்டுரை எழுதும்போது ஒரே சொல் இரண்டு முறை வந்தால் ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையால் 'ரெப்பெத்திசியோன்' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பார். அந்தப் பயம் இந்த வயதிலும் போகவில்லை. உடனே அகராதியை எடுத்துக்கொண்டு, ஓர் இடத்தில் சினம், ஓர் இடத்தில் சீற்றம், ஓர் இடத்தில் உக்கிரம், ஓர் இடத்தில் ஆவேசம் என்று மாற்றினேன். மறுபடியும் கொடுத்தேன். "மோட்டார் சத்தம் கேட்டதுக்கே உக்கிரம்னா, அப்புறம் சண்டைக்கு என்னத்தைப் போடுவீங்க?" என்று சிரித்தாள்.

அவள் கேட்டது சரி. இந்தச் சொற்கள் ஒன்றுக்குப் பதில் ஒன்று போடக்கூடியவை அல்ல. படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அதோடு, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு காரணமும் வேண்டியிருக்கிறது. ஆகவே அகராதியை மூடிவிட்டு, நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன்.

முதலில், மோட்டார் வைத்த அன்று இரவு. அது ஓடும் சத்தத்தில் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ராத்திரியிலதான் போடணுமா?" என்றார். இது எரிச்சல். கண்ணில் புகை பட்டது மாதிரி, உடம்பில் தொடங்குவது. ஆளின்மேல் அல்ல, சத்தத்தின்மேல். பிரெஞ்சில் இதற்கு 'அகாசே' என்பார்கள். புளிப்பான காயைக் கடித்தால் பல் கூசுகிறதே, அதற்கும் அதே சொல்தான். சத்தம் நின்றால் எரிச்சலும் நின்றுவிடும்.

இரண்டாவது, மின்சாரக் கட்டணம். மீட்டர் பொது. தொகை கூடியிருந்தது. அவர் கேட்டார், அப்புறம் தருகிறேன் என்றேன். மறுமுறை கேட்டார், அப்போதும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. ரசீதை என் ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனார். இதை நான் 'கோபத்தோடு வைத்தார்' என்று எழுதியிருந்தேன். அது சலிப்பு. கேட்டுக் கேட்டு அலுத்தவனுக்கு வருவது. சலித்தவன் குரலை உயர்த்தமாட்டான், பேச்சைக் குறைப்பான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'கடுப்பாகுது' என்பதும் ஏறக்குறைய இந்தப் படிதான், கொஞ்சம் காரம் கூட.

மூன்றாவது, என் மகளின் நிச்சயதார்த்தம். அண்ணன் வீட்டுக்கு நானும் மனைவியும் தாம்பூலத் தட்டோடு போய் அழைத்திருக்க வேண்டும். வேலை இருந்தது என்று பையனிடம் பத்திரிகையைக் கொடுத்து அனுப்பினேன். அண்ணன் வரவில்லை. 'அண்ணன் கோபித்துக்கொண்டார்' என்று ஊரெல்லாம் சொன்னது.

இங்கேதான் நம் தமிழைக் கவனிக்க வேண்டும். 'கோபப்பட்டார்' என்றால் யார்மேலும் படலாம், தெருவில் போகிற சைக்கிள்காரன் மேலும் படலாம். 'கோபித்துக்கொண்டார்' என்பது சொந்தக்காரர்களுக்குள் மட்டும். உரிமை இருக்கிறவர்தான் கோபித்துக்கொள்வார், யாராவது வந்து சமாதானம் சொல்வார்கள் என்று காத்திருப்பார். அப்படி யாரும் போகாவிட்டால் அது உள்ளே இறங்கி மனத்தாங்கலாகிவிடும். பிரெஞ்சின் 'ஃபாஷே' இதற்கு அருகில் வரும். கோபமாக இருப்பதற்கும், ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதற்கும் அந்த ஒரே சொல்லைச் சொல்வார்கள். நான் போகவில்லை.

நான்காவது, சண்டை நடந்த நாள். நாலு பேர் நிற்கும்போது கிணற்றடியில் அவர் கட்டணத்தைக் கேட்டார். என் கதையில் இப்படி எழுதியிருந்தேன்: 'அண்ணன் ஆவேசமாகக் கத்தினார்.' அந்த வரியில் மனைவி விரலை வைத்தாள்.

"கத்தினது நீங்கதானேங்க. அவரு கத்தலையே."

நான் பேசாமல் இருந்தேன்.

"பொறந்ததிலேர்ந்து நீங்கன்னு சொன்ன அண்ணனை, அன்னைக்கு நீ யாரு கேக்கறதுக்குன்னு கேட்டீங்க. அவரு தோள்ல கிடந்த துண்டை எடுத்து ஒரு தரம் உதறிப் போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாரு."

அன்று அண்ணனிடம் இருந்தது மனத்தாங்கல் மட்டும்தான். அது மேலே ஏறவே இல்லை. ஏறியவன் நான். எனக்கு வந்தது ஆத்திரம். யோசிக்க நேரம் கொடுக்காத அவசரம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று சும்மாவா சொன்னார்கள். ஆவேசம் என்பது அதற்கும் மேலே. ஏதோ ஒன்று நமக்குள் புகுந்து ஆட்டுவது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த நிலையை, மனிதன் 'தனக்கு வெளியே' போய்விட்டான் என்பார்கள். உள்ளே ஏதோ வந்தாலும், நாம் வெளியே போனாலும், அந்த நேரத்தில் நாம் அங்கே இல்லை. 'நீ' என்று சொன்ன அந்த நொடியில் நான் அங்கே இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. ஆகையால் ஆத்திரம்தான்.

கண்ணகியை நினைத்துப் பாருங்கள். மாதவியிடம் போய்த் திரும்பி வந்த கணவனை அவள் ஏசவில்லை, சிலம்பைத்தான் கொடுத்தாள். மதுரையில் மாதரி வீட்டில் சோறு போட்ட பிறகு, நீங்கள் நடந்தது நல்லோர் மெச்சும் நடத்தை அல்ல என்று மரியாதை குறையாமல் ஒரு முறை சொல்கிறாள். அவ்வளவுதான். அன்றைக்கே அவன் கொலையுண்டு போகிறான். அதற்குப் பிறகுதான் சீற்றம், மதுரை எரிகிறது. அவள் புகாரிலேயே சீறியிருந்தால், மதுரையில் அவளுக்குச் சொல் மிச்சம் இருந்திருக்காது. இளங்கோவடிகள் பெரிய கோபத்தைக் கடைசிவரை செலவழிக்காமல் வைத்திருந்தார். நான் மோட்டார் சத்தத்துக்கே உக்கிரத்தைச் செலவழித்தேன்.

அந்த நாலு பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். இப்போது அண்ணன் பக்கத்தில் ஓர் எரிச்சல், ஒரு சலிப்பு, ஒரு கோபித்துக்கொள்ளல், கடைசியில் மனத்தாங்கல், இவ்வளவுதான் இருக்கிறது. பதினோரு கோபத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் பக்கத்தில் ஓர் ஆத்திரம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவர்தான் முதலில் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கிணற்றைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. இப்போது அவர் இல்லை. சரியான சொல் கிடைத்திருக்கிறது, படித்துக் காட்டத்தான் ஆளில்லை.