அக்கா எழுதிக்கொடுத்த விடுதலை

பதிவு அலுவலக மொழியில் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். முதன்முதலில் கேட்பவர்களுக்கு யாரோ யாரையோ கட்டவிழ்த்து விடுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் விடுதலை ஆவது மனிதர் இல்லை, சொத்து. எழுதிக்கொடுப்பவரின் பாத்தியத்திலிருந்து சொத்து விடுதலையாகிறது. பாளையங்கோட்டையில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருக்கிறேன். இப்படி எத்தனையோ பத்திரங்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன், எழுதிக்கொடுப்பவர் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் 'திருமதி' என்றுதான் வரும். அதில் ஒன்று என் அக்காவுடையது.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், குறுக்குத்துறைக்குப் போகிற பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தார்சா, பட்டாசல், அடுப்படி, பின்னால் அங்கணம் என்று நீளமாகப் போகிற வீடு. அப்பா தன் சம்பளத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் 2016இல் இறந்துபோனார். அன்றைக்கு அந்த வீடு நான்கு பங்காயிற்று: அம்மா, அக்கா, நான், தம்பி, ஆளுக்குக் கால் பங்கு. 2021இல் அம்மாவும் போனபிறகு அவளுடைய கால் பங்கு எங்கள் மூவருக்கும் சமமாக வந்தது. ஆக, ஆளுக்கு மூன்றில் ஒன்று. யாரும் எதையும் எழுதவில்லை, அளக்கவில்லை. தம்பி குடும்பம் அங்கே இருந்தது. நாங்கள் இருவரும் ஆனித் தேருக்கும் பொங்கலுக்கும் போய் வந்தோம்.

மாடி கட்டத் தம்பி வங்கிக் கடன் கேட்டபோதுதான் பேச்சு வந்தது. வங்கியின் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைப் பார்த்தார், மூன்று பெயர் இருந்தது. "அக்காமார் ரெண்டு பேர்கிட்டயும் விடுதலை வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எங்களை ஏமாற்ற வேண்டும் என்று தம்பி நினைக்கவே இல்லை, ஒரு காகிதம் குறைகிறது, அவ்வளவுதான் அவனுக்கு.

தாய்மாமா வந்து உட்கார்ந்தார். "ஏட்டி, உனக்கு நாப்பது பவுன் போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு. இன்னும் இதுல என்ன இருக்கு?" என்று அக்காவிடம் கேட்டார். இந்தக் கேள்வியை எங்கள் அலுவலகத்திலும் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். சட்டத்தில் சீரைப் பங்கில் கழிக்கிற கணக்கே இல்லை. கல்யாணத்தின்போது, "இனி அப்பா சொத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று மகளிடம் எழுதி வாங்கி வைத்திருப்பார்கள் சிலர். அதுவும் செல்லாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயிரோடு இருக்கும்வரை மகளுக்கு உரிமை பிறக்கவில்லை, பிறக்காததை விட்டுக்கொடுக்க முடியாது. அவர் இறந்தபின் எழுதுவதுதான் கட்டும்.

குடியிருக்கும் வீட்டுக்கென்று தனியாக ஒரு கதை உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் 23ஆம் பிரிவில் ஒரு தாழ்ப்பாளும் போட்டது. குடும்பம் குடியிருக்கிற வீட்டை ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. மணமாகாத மகளும், கணவன் கைவிட்ட அல்லது பிரிந்து வந்த மகளும், விதவையும் அங்கே குடியிருக்கலாம், அவ்வளவுதான். 2005 செப்டம்பர் 9ஆம் தேதி முதல் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே தகப்பனார் இறந்திருந்த ஒரு குடும்பத்தில், பழைய பிரிவைச் சொல்லி உடன்பிறந்த பெண்களின் பாகத்தைத் தடுக்கப் பார்த்த சகோதரர் ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 2009இல் சேகர் எதிர் கீதா என்ற அந்தத் தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்பு பெண்களுக்குச் சாதகமாக வந்தது. அப்படித் திறந்த கதவை வெளியிலிருந்து இன்னொருவர் சாத்த முடியாது. நாமே எழுதிக்கொடுத்துத்தான் சாத்த முடியும்.

அக்கா எழுதிக்கொடுப்பதாகச் சொன்னாள். வரைவை நான்தான் படித்தேன். என் கண் நேராக ஒரே இடத்துக்குப் போனது: யாருக்கு? பங்காளிகள் மூன்று பேர் இருக்கும்போது ஒருவர் விட்டுக்கொடுத்தால், அது மற்ற இருவருக்குமா, ஒருவருக்கு மட்டுமா என்பதைப் பத்திரம் சொல்ல வேண்டும். இருவருக்கும் என்றால் தம்பிக்குப் பாதி, எனக்குப் பாதி. தம்பிக்கு மட்டும் என்றால் அவனுக்கு மூன்றில் இரண்டு, எனக்குப் பழையபடி மூன்றில் ஒன்று. அக்காவிடம் கேட்டேன். "அவனுக்குத்தான். உனக்கு உன் பங்கு இருக்குல்லா" என்றாள். அப்படியே எழுதினோம்.

செலவு பெரிதில்லை. வீட்டின் மதிப்பு 27 லட்சம் என்றால் அக்காவின் பங்கு 9 லட்சம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ஆக 18,000 ரூபாய். பங்கு எவ்வளவு பெரிதானாலும் 2023 ஜூலையிலிருந்து தீர்வைக்கு 40,000, கட்டணத்துக்கு 10,000 என்பது உச்சவரம்பு. பதிவு செய்யாமல் வெறும் தாளில் எழுதிக்கொடுத்தால் வீட்டில் பங்கு கைமாறாது.

பதிவன்று புகைப்படம், கைரேகை, இரண்டு சாட்சி. "சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்கள். அக்கா "ஆமா" என்றாள். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பத்திரத்தின் நடை பழையது. 'எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்று ஒரு வரி வரும். அந்த வாரிசுகளில் அக்காவின் மகளும் உண்டு. அவளுக்கு அப்போது பதினாறு வயது. தாத்தா வீட்டில் அவளுக்கு வந்திருக்கக்கூடிய ஒன்று அந்த வரியில் நின்றுபோனது. வாங்குகிறவர் பக்கத்தில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று எழுதுவார்கள், மகன் வழி, பேரன் வழி. தம்பிக்கு இருப்பது ஒரே ஒரு மகள். வழக்கம் என்று சொல்லி அதையும் அப்படியே அடித்தோம்.

பத்திரத்தை எழுதியவர் மனம் மாறினால் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. மோசடியோ மிரட்டலோ நடந்தது என்றால் நீதிமன்றம் போகலாம், அதுவும் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள். வருத்தம் அதற்குக் காரணமாகாது. திரும்ப வேண்டுமென்றால் தம்பி புதிதாக ஒரு பத்திரம் எழுதித் தர வேண்டும். அவனுக்குப்பின் என்றால் அவன் மனைவியும் மகளும் தர வேண்டும். வில்லங்கச் சான்று போட்டால் அக்காவின் பெயர் அந்த ஒரு வரியில் மட்டும், எழுதிக்கொடுத்தவராக, எப்போதும் இருக்கும்.

சென்ற ஆண்டு மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, உடம்பு முடியாமல் போனது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தம்பி மனைவி நல்ல பெண். "மைனி, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அக்கா எனக்கு போன் செய்து, "இருங்கன்னு சொல்லுதாட்டி" என்று மட்டும் சொன்னாள். அதற்கு முன்னால் அந்த வீட்டில் அவளிடம் யாரும் அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இருக்கும் உரிமையை மட்டுமாவது வைத்துக்கொள்ள நினைக்கிற பெண்கள், ஆயுள்வரை ஒரு அறையில் குடியிருக்கும் உரிமையை எழுதி, அதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அக்காவிடம் அதைச் சொன்னேன். "கூடப் பொறந்தவன்கிட்ட அதுக்கொரு எழுத்தா?" என்று கேட்டாள்.

நான் இன்னும் விடுதலை எழுதவில்லை. தம்பியிடம் வேறு வழி சொல்லியிருக்கிறேன்: அடமானப் பத்திரத்தில் நானும் பங்குதாரராகச் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன், வங்கிக்கு அது போதும். கடன் நின்றுபோனால் என் பங்கும் சேர்ந்து போகும் என்பது எனக்குத் தெரியும். அது ஒரு அபாயம்தான், ஆனால் பங்கு என்னிடம் இருக்கும். அவன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த பேங்க்காரன் ஒத்துக்குவானாக்கா?" என்று கேட்டான். வேறு ஒரு வங்கியில் ஒத்துக்கொண்டார்கள். மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.