நான்கு நிமிடம் வாசிக்க எதை எடுப்பது? எம். புதுப்பட்டியில் ஒரு புத்தக வெளியீடு

இன்னைக்கு மருத்துவப் பதிவு இல்ல. போன மாதம் நான் செய்யவிருந்த ஒரு தப்பைப் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டியில் ஒரு நாவல் வெளியீடு. எழுதியவர் சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் பிழைதிருத்துபவர். அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்து வளர்த்த பிள்ளை. என்னிடம் சிகிச்சைக்கு வந்து பழக்கமானவர், நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"சார், நீங்கதான் புத்தகத்த அறிமுகம் பண்ணி ஒரு பகுதிய வாசிக்கணும். பன்னெண்டு நிமிசம் உங்களுக்கு" என்றார்.

ஒத்துக்கொண்டேன். நாவலில் ஒரு வெடிவிபத்து அத்தியாயம் இருக்கிறது. தீக்காயம் பார்க்கிற டாக்டர் என்பதால் அதை வாசிப்பதுதான் பொருத்தம் என்று நினைத்தேன். எழுத்தும் அபாரம்.

முந்தைய வாரம் கிளினிக்கில் கூட்டம் ஓய்ந்ததும் எங்கள் நர்ஸ் அக்காவை உட்காரவைத்து சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அவங்க ஊர் எம். புதுப்பட்டிதான். மூணாவது வரியிலேயே எழுந்து வெளியே போய்ட்டாங்க.

திரும்பி வந்து சொன்னது இது: "நல்லாத்தான் எழுதியிருக்காரு சார். ஆனா அங்க வந்து உக்காரப் போறவுகளுக்கு இது கதை இல்ல சார்."

2023 அக்டோபர் 17-ஆம் தேதி ரெங்கபாளையம் விபத்து உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இதே பகுதிதான். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அந்த மண்டபத்தில் யார் வீட்டு ஆள் போனது, யார் கையில் தழும்பு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் தனியாகப் படிக்கிறவர் தாங்க முடியாத பக்கம் வந்தால் புத்தகத்தை மூடி வைக்கலாம். மேடையில் ஒருவர் மைக்கில் வாசிக்கும்போது கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. எழுந்து போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் யோசிக்காமல் விட்டது இதைத்தான்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவரே வேறொரு பகுதியைச் சொன்னார். விடிகாலை. ஆலை வேன் வருவதற்குள் அம்மா சோறு பிசைந்து மகனுக்கு ஊட்டணும். மூணு தடவை கை கழுவியும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடரின் வெள்ளிக்கோடு போகவில்லை. அம்மா கரண்டியைத் தேடுகிறாள், மகன் கையாலேயே கேட்டு அடம்பிடிக்கிறான். அவ்வளவுதான். வெடி ஒன்றும் வெடிக்காது. ஆனா நாவல் மொத்தமும் அந்த நகக்கண்ணில் இருக்கிறது.

இந்தப் பகுதிக்கு இன்னொரு வசதி. முன்கதை ரெண்டே வாக்கியத்தில் முடிந்துவிடும்: இவள் அம்மா, இவன் ஆறு வயசுப் பையன். அஞ்சு நிமிசம் விளக்கம் சொன்னால்தான் புரியும் என்கிற பகுதி எவ்வளவு நல்லா இருந்தாலும் மேடைக்கு ஆகாது. விபத்துப் பகுதிக்கு எட்டுப் பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

சரி, மிச்ச நேரத்தில் அறிமுகமாக என்ன பேசுவது?

நம்ம ஆட்கள் இதற்கு எப்பவோ வழி சொல்லிட்டாங்க. பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு விஷயம் சொல்கிறார். எழுதியவர் யார், எந்த நூலின் வழியில் வருகிறது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எப்படிக் கட்டியிருக்கிறது, எதைப் பற்றியது, யார் கேட்க வேண்டியது, கேட்டால் என்ன பயன். அதை எழுத வேண்டியவர் நூலாசிரியர் அல்ல. அவருடைய ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர் இவர்களில் ஒருவர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார் தொல்காப்பியரோடு படித்தவர் என்பது மரபு. பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க, அந்த நூல் அரங்கேறியதை அந்தப் பாயிரமே சொல்கிறது.

கவனிச்சீங்களா? அந்த எட்டில் 'முடிவில் என்ன நடக்கிறது' கிடையாது. 'இவர் அடுத்த புதுமைப்பித்தன்' என்பதும் கிடையாது. நம் கூட்டங்களில் அறிமுக உரை கெட்டுப்போவது இந்த ரெண்டில்தான். கதை முழுக்க சொல்லிட்டா புத்தகம் எதுக்கு? பெரிய பெயரோடு ஒப்பிட்டால் கேட்கிறவர் அந்தப் பெரியவரை நினைக்கிறார், முன்னால் உட்கார்ந்திருக்கிறவரை மறந்துவிடுகிறார்.

நான் ஆறு நிமிசம் எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி யார், நாவல் எந்த ஊரில் எத்தனை வருசத்துக் கதை, யார் பார்வையில் சொல்கிறது, நான் ஏன் இதைப் படித்து முடித்தேன். மிச்சம் வாசிப்புக்கு.

வாசிக்கிற பகுதியைக் கணினியில் பெரிய எழுத்தில் அடித்து, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்தேன். மேடையில் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பக்கம் தேடுகிறவரைப் பார்த்திருப்பீங்க, அந்த அரை நிமிசத்தில் கூட்டம் செல்போனை எடுத்துவிடும். மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்பு மையில் கோடு. நீளமான ஒரு வர்ணனையை அண்ணாச்சியைக் கேட்டு வெட்டினேன். கேட்காமல் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, அது அவர் எழுத்து.

மொத்தம் 320 வார்த்தை. வீட்டில் நாலு நிமிசம் ஆனது. ஆங்கிலத்தில் நிமிசத்துக்கு 150 வார்த்தை என்பார்கள். தமிழில் ஒரு சொல்லே நீளம் என்பதால் அந்தக் கணக்கு இங்கே உதவாது, கடிகாரம் வைத்து வாசித்துப் பார்ப்பதுதான் வழி.

மேடையில் என்ன ஆச்சு? முதல் பத்தியை ரயில் மாதிரி ஓட்டினேன். பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகும், வாய் வறளும், மூச்சு மேலாக்கில் நின்றுவிடும். அதனால் வாக்கியத்தின் கடைசிச் சொல் காற்றில்லாமல் அமுங்கும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தானே வரும்? அது அமுங்கினால் யார் என்ன செய்தார்கள் என்பதே போச்சு. பின்வரிசையில் ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், நாற்காலி இழுபட்டது. உடனே நிறுத்தினேன். மூச்சை முழுசாக வெளியே விட்டேன். ஒரு வாய் தண்ணீர். அடுத்த வரியிலிருந்து மெதுவாகத் தொடங்கினேன்.

கரண்டி வருகிற இடத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. நகக்கண் வந்தபோது சத்தமே இல்லை. பெண்கள் பக்கம் சிலர் தங்கள் கையைக் குனிந்து பார்த்தார்கள். பையன் வாயைத் திறக்கிற வரியில் முடித்தேன். அதற்கு விளக்கம் எதுவும் சேர்க்காமல் போய் உட்கார்ந்தேன். சேர்க்கத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து ஒரு அம்மா புத்தகம் வாங்க வந்தார்கள். "எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி. பேத்தி வாசிப்பா. அந்தப் பய சாப்பிட்டானான்னு தெரியணும்."

நான் சொல்லவில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது.

விபத்து அத்தியாயம் அந்த அம்மாவுக்கும் வரும், 140-ஆம் பக்கம் தாண்டி. வேண்டாம் என்று பட்டால் பேத்தியை நிறுத்தச் சொல்லிக்கொள்வார்கள். அந்த உரிமையைத்தான் நான் மைக்கில் பிடுங்கப் பார்த்தேன். நர்ஸ் அக்கா தடுத்தாங்க.

உங்களை யாராவது வாசிக்கக் கூப்பிட்டால், முதலில் அந்த ஊர்க்காரர் ஒருத்தருக்கு வாசித்துக் காட்டுங்க.