வட்டியின்றி ஓர் ஆட்டோ



எமது சகோதரியின் மகன் ஓட்டுநர் உரிமம் பெற்றதும் ஆட்டோ வாங்க விரும்பினான். கையிருப்பு 1,00,000 ரூபாய். அவன் பார்த்து வைத்திருந்த புதிய வண்டியின் விலை 3,40,000 ரூபாய்.

மீதி 2,40,000 ரூபாய்க்கு ஒரு நிதி நிறுவனம் 12 சதவீத வட்டி என்றது. அது முழுக் கடனுக்கும் மூன்றாண்டும் மாறாமல் கணக்கிடப்படும் வட்டி. அதன்படி 86,400 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அசல் மாதந்தோறும் குறைவதைக் கருதினால், உண்மையான வட்டி 21 சதவீதத்தை ஒட்டி வரும். ஹராம் என்பது ஒருபுறம். புதிதாக ஓட்டத் தொடங்கும் பிள்ளைக்கு இந்தச் சுமை வேறு.

கடை வைத்திருக்கும் அவனுடைய சாச்சா, "பணத்தை நான் தருகிறேன், கொஞ்சம் கூட்டித் திருப்பித் தரட்டும்" என்றார். அன்பால் சொன்னார், ஆயினும் அதுவும் வட்டியே. முராபஹா முறையில் சாச்சா முதலில் வண்டியைத் தாமே வாங்கிக் கைப்பற்ற வேண்டும். பின்னர் அடக்க விலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகக் கூறி, தவணைக்கு விற்க வேண்டும். இடையில் வண்டி சேதமுற்றால் இழப்பு அவருடையது.

இங்கேதான் எரிபொருள் பற்றிய கேள்வி எழுந்தது. பையன் சி.என்.ஜி. வண்டியை விரும்பினான். ஆனால் அதற்குப் பெர்மிட் வேண்டும். சாச்சா பெயரில் பெற்ற பெர்மிட்டை, போக்குவரத்து அதிகாரியின் அனுமதியின்றி மருமகன் பெயருக்கு மாற்ற இயலாது. மின்சார வண்டிக்கோ, 2018 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி பெர்மிட் தேவையில்லை. பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு, உரிமம் ஆகியவை மட்டும் எல்லா வண்டிக்கும் போலவே கட்டாயம்.

மின்சார வண்டியின் குறையையும் மறைக்கலாகாது. நிறுவனம் ஒரு சார்ஜில் 130 கிலோமீட்டர் என்றது. பயணிகளுடன் ஓட்டிப் பார்த்ததில் 95 கிடைத்தது. எமதூரில் அன்றாட ஓட்டம் எண்பதைத் தாண்டாது, வீட்டு வாசலில் எர்த் இணைப்புடன் 15 ஆம்பியர் பிளக் போட இடமும் இருந்தது, ஆகவே துணிந்தோம். மாடி வாடகை வீட்டில் இருப்பவருக்கு நாம் இதைச் சொல்ல மாட்டோம்.

சாச்சா முழு விலையும் செலுத்தித் தம் பெயரில் பதிவு செய்தார். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துடன் வண்டி அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றது. பிறகு 30,000 ரூபாய் இலாபம் சேர்த்து 3,70,000 ரூபாய்க்கு விற்றார். முன்பணம் 1,00,000 போக, மாதம் 7,500 வீதம் 36 தவணை. படிவம் 29, 30 கொடுத்துப் பதிவை மாற்றினோம். காப்பீட்டை மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பித்தோம்.

ஐப்பசி மழையில் ஒரு தவணை தவறியது. சாச்சாவுக்கு முகம் சுருங்கியது. தாமதத்திற்காக ஒரு ரூபாயும் கூட்டலாகாது என்று முன்பே எழுதியிருந்தோம். அந்தத் தவணை முப்பத்தேழாம் மாதத்திற்குப் போயிற்று.