நேத்தும் ரெண்டு மணிக்கூர், இன்னைக்கும் ரெண்டு மணிக்கூரா?

மார்கழித் தேரோட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சுசீந்திரத்தில் வீட்டிலேயே முந்திரிக்கொத்து போட்டு விற்கும் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார்: "சீக்கிரம்! இன்னும் 2 மணி நேரமே! கடைசி 5 பாக்கெட்!"

மறுநாள் பக்கத்துத் தெருப் பாட்டி கேட்டார்: "மக்களே, நேத்தும் ரெண்டு மணிக்கூர், இன்னைக்கும் ரெண்டு மணிக்கூரா?"

பாட்டி அப்போதுதான் அதைத் திறந்திருந்தார். 'இன்னும் 2 மணி நேரம்' என்று எழுதினால், எவர் எப்போது படித்தாலும் கெடு அங்கிருந்துதான் ஓடும். அந்த 5 பாக்கெட்டோ சும்மா போட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய விற்பனையின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவதே இந்தப் பொய் அவசரம்தான்.

அப்படியானால் உண்மையான அவசரம் எது? சிறுபயறை வறுத்து மில்லில் திரித்துவிட்டால் அப்புறம் அளவைக் கூட்ட முடியாது. அதையே எழுதினார்: "வெள்ளி மாலை 6 மணிக்குள் சொல்லுங்க. அதுக்குப் பிறகு பயறு வறுக்கத் தொடங்கிடுவேன். 40 பாக்கெட்டுக்கு மேல போட முடியாது."

வெள்ளிக்கிழமைக்குள் 33 பேர் ஆளுக்கு ஒரு பாக்கெட் சொல்லியிருந்தார்கள். 6:20க்கு ஒரு போன். 33க்கு அளந்த பயறு சட்டியில் பாதி சிவந்திருந்தது.

"இல்ல மக்களே, முடிஞ்சு" என்று சொல்ல அக்காவுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சொன்னார்.