அதிகாலைச் சத்தமும் அண்டை வீட்டார் உரிமையும்: வீட்டு உரிமையாளருக்கு நாங்கள் எழுதிய கடிதம்



செஞ்சியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை ஒட்டிய காலி மனையும் எங்கள் வீட்டு உரிமையாளருக்கே சொந்தமானது. சித்திரை பிறந்ததும் தம் மகளுக்காக அங்கே வீடு கட்டத் தொடங்கினார். அவர் மாற்று மதச் சகோதரர். எங்களிடம் என்றும் மரியாதையோடு நடப்பவர். ஆனால் வேலை தொடங்கிய இரண்டாம் வாரத்திலிருந்து, சுபுஹு தொழுகை முடியும் முன்பே கம்பி வெட்டும் இயந்திரத்தின் அலறல் எங்கள் சுவரில் மோதத் தொடங்கியது.

"எப்படியும் பாங்கு சொல்லும் நேரத்தில் எழுந்துவிடுகிறீர்களே, உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் விழித்திருப்பது உண்மை. ஆனால் வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. மூட்டுவலியால் இரவெல்லாம் புரண்டு, விடியும் வேளையில் தொழுதுவிட்டுத்தான் சற்றே கண்ணயரும் அம்மா இருக்கிறார். தொழுகையில் ஓதுவது எங்கள் காதுக்கே எட்டாத நாள்களும் இருந்தன.

கோபத்தில் எழுத அமர்ந்தபோது அத்தா தடுத்தார். "முதலில் பத்து நாள் குறித்து வையுங்கள், பிறகு எழுதுங்கள்" என்றார். ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், எந்தச் சத்தம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்தோம். பத்து நாளில் ஏழு நாள் காலை ஆறு மணிக்கு முன் சத்தம் இருந்தது. அவற்றில் நான்கு நாள் கம்பி வெட்டுதல். இரண்டு நாள் லாரியில் வந்த ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டுதல். ஒரே ஒரு நாள்தான் கலவை இயந்திரம். அதுவரை மிக்சர்தான் முழுக் காரணம் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அந்த நோட்டு இல்லாவிட்டால் தவறான ஒன்றை நிறுத்தச் சொல்லியிருப்போம்.

மேஸ்திரியிடமும் பேசினோம். கோடையில் பாறைமலைகள் சூழ்ந்த இவ்வூரின் வெயில் பதினொரு மணிக்கே கொளுத்தத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் விடியலில் தொடங்குகிறோம் என்றார். அதிகாலை உழைப்பில் தம் சமுதாயத்துக்கு பரக்கத் வேண்டி துஆ செய்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த உழைப்பாளிகளின் பிழைப்பைக் கெடுக்க நமக்கு மனம் வருமா? மேலும் தளம் போடும் நாளில் கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. இடைவெளி விட்டால் பழைய கலவையும் புதிய கலவையும் சரியாக ஒட்டாமல், அந்த இடத்தில் பின்னாளில் நீர் கசியும். ஆகவே எல்லாச் சத்தத்தையும் நிறுத்துங்கள் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. சத்தமில்லாத வேலையை முன்னால் வைத்து, சத்தமுள்ள வேலையைப் பின்னால் தள்ளலாம் என்பதே நாங்கள் கண்ட வழி. செங்கல் சுமத்தல், நூல் பிடித்து அளவு பார்த்தல், கம்பி கட்டுதல், சுவருக்குத் தண்ணீர் விடுதல் ஆகியவை யாரையும் எழுப்புவதில்லை.

சட்டத்தையும் பார்த்தோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபல் வரம்பு. 2010இல் செய்த திருத்தத்தின்படி, ஒலி எழுப்பும் கட்டுமான இயந்திரங்களைக் குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் இயக்கக் கூடாது. ஆக, ஆறு மணிக்கு முன் கம்பி வெட்டுவது விதிமீறல். ஆனால் ஆறிலிருந்து ஏழு வரை நாங்கள் கேட்டது உரிமை அன்று, வேண்டுகோள். இந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதினோம்.

இங்கேதான் அத்தா எங்களைச் சங்கடப்படுத்தும் ஒன்றைச் சொன்னார். "அதே விதிகள் திறந்த வெளி ஒலிபெருக்கிக்கும் அதே நேரத்தில்தான் தடை சொல்கின்றன. கடிதத்தைச் சட்டத்தில் தொடங்கினால், படிப்பவர் மனம் முதலில் நம் பள்ளிவாசலின் குழாயைத்தான் நினைக்கும். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?" எங்களிடம் பதில் இல்லை. பள்ளியில் இருந்தோர் உரக்க ஓதி ஒருவருக்கொருவர் இடையூறு செய்வதையே நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை அன்றுதான் எங்களோடு பொருத்திப் பார்த்தோம். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகிகளிடம் இதைப் பற்றி நாங்களே பேசினோம். பிறரிடம் கேட்பதை முதலில் நம்மிடம் கேட்க வேண்டியிருந்தது.

எனவே சட்டத்தைக் கடைசிப் பத்தியில் ஒரே வரியாக வைத்தோம். கடிதத்தின் சாரம் இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகளின் இல்லம் நல்லபடியாக நிறைவேற வாழ்த்துகிறோம். கடந்த பத்து நாளில் ஏழு நாள் காலை ஆறு மணிக்கு முன்பே இயந்திரச் சத்தமும் லாரிச் சத்தமும் இருந்தன, குறிப்பை இணைத்துள்ளோம். வீட்டில் கைக்குழந்தையும் வயதான தாயாரும் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். மூன்று உதவிகள் கேட்கிறோம். ஒன்று, கம்பி வெட்டுதலும் கலவை இயந்திரமும் ஏழு மணிக்குப் பிறகு தொடங்கட்டும். அதற்கு முன் சத்தமில்லாத வேலைகள் நடக்கட்டும். இரண்டு, ஜல்லி, மணல் லாரிகள் பகலில் வர ஏற்பாடு செய்யுங்கள். மூன்று, தளம் போடும் நாளை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். அன்று குழந்தையோடு உறவினர் வீட்டுக்குச் சென்றுவிடுகிறோம், தாங்கள் விடியலிலேயே தொடங்கலாம். ஆறு மணிக்கு முன் இயந்திரம் இயக்க விதிகளும் இடம் தருவதில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்கு மட்டும் சொல்கிறோம்."

தேதியிட்டு, கையொப்பமிட்டு, ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டு நேரில் சென்று கொடுத்தோம். மனை வேறொருவருடையதாக இருந்தால் கடிதம் அந்த உரிமையாளருக்கே போக வேண்டும். நம் வீட்டுக்காரரால் பிறர் மனையில் ஆணையிட முடியாது. கடிதத்துக்குப் பலன் இல்லையென்றால் அடுத்த படி காவல் நிலையம். அங்கும் இதே குறிப்பு நோட்டு துணை நிற்கும். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபல் எண் ஏறத்தாழ ஒரு மதிப்பே; அதை மட்டும் ஆதாரமாக நம்ப வேண்டாம்.

அவர் கடிதத்தை இருமுறை படித்தார். "காலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறார்கள் என்றே எனக்குத் தெரியாதே" என்றார். அவர் குடியிருப்பது ஊரின் மறுகோடியில். மறுநாளே கம்பி வெட்டுதல் ஏழரைக்கு மாறியது. தளம் போடும் நாளை மூன்று நாள் முன்னதாகச் சொல்லியனுப்பினார். லாரி மட்டும் அதன் பிறகும் இருமுறை இருட்டில் வந்தது. குவாரியிலிருந்து வரும் ஓட்டுநர் தம் வசதிப்படி வருகிறார், அது அவர் கையிலும் முழுமையாக இல்லை. அந்த இரு நாளையும் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். தளம் போட்ட அன்று மாலை, வேலையாள்கள் அனைவருக்கும் அம்மா தேநீரும் சமோசாவும் கொடுத்தனுப்பினார்.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்களை வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபியவர்கள் எண்ணும் அளவுக்கு அந்த உரிமை பெரியது என்பதை நாம் அறிவோம். நாளை அந்தப் புது வீட்டில் குடியேறப்போவது அவருடைய மகள். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கப்போவது நாங்கள். அவர் எங்களைச் சண்டைக்காரர்களாக அறிமுகம் கொள்ளாமல் போனதற்கு அல்ஹம்துலில்லாஹ்.