வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்

ஆம்பூரில் பொழுது விடிந்ததும் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகள் பெண்களை ஏற்றிக்கொண்டு விரைந்துவிடும். தாய்மார் அப்பர் தைக்கும் இயந்திரங்களின் முன் அமர்ந்த பிறகு, அவர்களுடைய பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். வாரத்தில் ஆறு நாள் அப்பிள்ளைகளின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. இந்த எளிய உண்மையை முப்பது ஆண்டுகள் அப்பணியில் இருந்த நானே ஒரு சமயம் மறந்துபோனேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். முதலில் காய்ச்சல் என்றார்கள். பிறகு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். சிகிச்சையால் தேறி, தலையில் துணி கட்டிக்கொண்டு மீண்டும் வகுப்புக்கு வந்தாள். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு உயிர் பிரிந்தது. இசுலாமியக் குடும்பம், மறுநாள் நண்பகல் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்துவிட்டது. அன்று பள்ளி விடுமுறை. அவளுடைய வகுப்பாசிரியைக்குத் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில்தான், மற்ற எல்லாருக்கும் தெரிந்த அதே நொடியில், செய்தி தெரிந்தது. முகத்தைப் பார்க்கவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மணித்துளி மௌனமாக நின்றோம். பிறகு மணி அடித்தது. எல்லாரும் வகுப்புக்குப் போனோம். அவ்வாசிரியை முதல் பாடவேளையில் செய்யவேண்டிய முதல் வேலை என்ன தெரியுமா? வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைப்பது. இருபத்து மூன்றாம் பெயரை அவர் பழக்கத்தால் அழைத்துவிட்டார். வகுப்பு முழுவதும் அவரைப் பார்த்தது. அந்த வாரமே அப்பெயரைச் சிவப்பு மையால் நீக்கி, மொத்த எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, சத்துணவுக் கணக்கிலும் கணினிப் பதிவிலும் மாற்றம் செய்து கையொப்பமிட வேண்டியவரும் அவரே. பெற்றோருக்கு அடுத்தபடியாக அச்சாவைத் தம் கையால் எழுத வேண்டியவர் வகுப்பாசிரியர் என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்தும் அவர் ஆசிரியர் அறையில் யாருடனும் பேசாமல் இருந்தார். உடன் பணியாற்றியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களில் ஒருவர், "டீச்சர், உங்கள் வகுப்பில் இன்னும் நாற்பத்தோரு பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றார். இன்னொருவர், "பெற்றவளே வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்" என்றார். இரண்டும் ஆறுதலாகச் சொல்லப்பட்டவை. ஆனால் இரண்டுக்கும் உட்பொருள் ஒன்றே: உனக்கு இவ்வளவு அழ உரிமை இல்லை.

அமெரிக்கப் பேராசிரியரான கென்னத் டோக்கா என்பவர் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இத்தகைய துயரத்துக்குத் தனிப்பெயரே சூட்டினார். இழப்பு உண்மையானது, ஆனால் சுற்றியுள்ளவர்கள் அதை இழப்பாக ஏற்பதில்லை, ஆதலால் துக்கம் கொண்டாட இடமும் இல்லை, ஆறுதல் சொல்ல ஆளும் இல்லை. உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்று அதனைத் தமிழில் கூறலாம். சாவு வீட்டில் தாய்க்கு ஓர் இடம் உண்டு, பாட்டிக்கு ஓர் இடம் உண்டு. ஆசிரியைக்கு வாசற்படிக்கு வெளியே செருப்புகள் கிடக்கும் இடந்தான்.

நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரணம் யாரையும் விடுவதில்லை, காலம் எல்லாவற்றையும் ஆற்றும், பெற்றோருக்கு இறைவன் வலிமை தருவாராக என்றெல்லாம் அதில் இருந்தது. அவர் நன்றி சொன்னார். அவ்வளவே. சில நாள் கழித்துத் தயங்கித் தயங்கி, "அக்கா, தவறாக எண்ணாதீர்கள். அந்தக் கடிதத்தை அவள் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அதில் அவளும் இல்லை, நானும் இல்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆயினும் அவர் சொன்னது சரி.

அன்று மாலை அவர் தம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கணக்கு ஏட்டைக் காட்டினார். அந்தச் சிறுமி கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாளில் திருத்துவதற்கு வைத்துவிட்டுப் போனது. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே உள்ள குறிகள் எல்லாம் மாற வேண்டும் அல்லவா? அவள் முதல் குறியை மட்டும் மாற்றுவாள், இரண்டாவதை மறந்துவிடுவாள். மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் இரண்டு வாரம் அவளை மாலையில் நிறுத்தி இதையே சொல்லிக் கொடுத்திருக்கிறார் ஆசிரியை. கடைசி ஏட்டில் பத்துக் கணக்குகள். பத்திலும் இரண்டாவது குறி சரியாக மாறியிருந்தது. அதைத் திருத்த அவருக்குக் கை வரவில்லை. "அவளுக்கு இது வந்துவிட்டது என்று அவளிடம் நான் சொல்லவில்லை, அக்கா" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. தாய் இழந்தது தன் மகளை. ஆசிரியை இழந்தது அப்பெண் ஆகிக்கொண்டிருந்த ஒன்றை. அக்குழந்தையின் கையெழுத்து எந்த மாதத்தில் சீரானது, எந்தத் தவறு அவளை விட்டுப் போகும் தறுவாயில் இருந்தது என்பது உலகில் ஒருவருக்கே தெரியும். அந்த அறிவைப் பகிர்ந்துகொள்ள இனி ஆளில்லை.

இது சிறு பள்ளிக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் கணிதமேதை இராமானுசன் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். இங்கே தாயும் மனைவியும் கதறினார்கள். கடல் கடந்து இங்கிலாந்தில் அவரை வரவழைத்துப் பயிற்றுவித்த பேராசிரியர் ஹார்டிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து மடல் வழியாகத்தான் செய்தி போயிற்று. அதற்கு மூன்று திங்களுக்கு முன், சனவரி மாதத்தில், இராமானுசன் அவருக்கு எழுதிய கடைசிக் கடிதம் முழுவதும் புதிய கணிதமே. அதைக் கண்டு மாணவர் தேறி வருகிறார் என்று ஹார்டி எண்ணியிருந்தார். சாவுச் செய்தி அவருக்குப் பேரதிர்ச்சியாயிற்று. அவர் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் இயல்பினர் அல்லர். ஆனால் 1927ஆம் ஆண்டு, வேறிருவருடன் சேர்ந்து இராமானுசனின் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1940ஆம் ஆண்டில், இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும், மாணவரின் கணிதத்தை விளக்கிப் பன்னிரண்டு விரிவுரைகள் கொண்ட நூலை வெளியிட்டார். மாணவன் விட்டுச்சென்ற ஏட்டைத் திருத்தி முடிப்பதே சில ஆசிரியர்களுக்குத் துக்கம் கொண்டாடும் முறை போலும்.

இரண்டாவது கடிதம் எழுதலானேன். அதை அப்படியே தருகிறேன்.

"அன்புத் தங்கைக்கு, உன் மாணவி இறந்ததற்காக உனக்கு என் இரங்கலைத் தெரிவிக்கிறேன். அவள் பெற்றோருக்காக அல்ல, உனக்காக. நான் அவளுக்குத் தமிழ் கற்பித்த ஆண்டில் றகரத்தையும் ரகரத்தையும் மாற்றி எழுதுவாள், திருத்தினால் சிரிப்பாள். உன்னிடம் வந்தபின் அவள் கணக்கில் தெளிந்ததை நான் அறிவேன். அந்த ஏட்டில் இருக்கும் பத்துக் கணக்கும் சரி. அவற்றைத் திருத்து. உன் கையொப்பத்தை இடு. பிறகு அதை என்ன செய்வதென்று அவசரமின்றி முடிவு செய்யலாம். வரும் வாரம் காலையில் உன் வகுப்பின் பதிவேட்டை நான் எடுக்கிறேன், தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்."

இக்கடிதத்தில் சிறப்பாக ஒன்றுமில்லை. முதற் கடிதத்தில் இல்லாத மூன்று செய்திகள் மட்டும் உள்ளன. இழப்பு யாருடையது என்று முதல் வரியே சொல்கிறது. இறந்த குழந்தையைப் பற்றி, எழுதுபவர் கண்ட உண்மையான ஒரு நினைவு இருக்கிறது. "ஏதாவது வேண்டுமானால் சொல்" என்பதற்குப் பதிலாக, எந்த வேலையை எந்த நாளில் ஏற்கிறோம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் இருபத்து மூன்றாம் பெயரைக் கடந்து செல்ல வகுப்பும் பழகிக்கொண்டது.

ஆனால் கடிதத்தால் ஆகாத ஒன்றும் இருந்தது. நோய் தெரிவதற்கு முன் அவள் வகுப்பில் அடிக்கடி தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறாள். ஆசிரியை அவளை எழுப்பி நிற்கவைத்திருக்கிறார். "அதுதான் நோயாக இருந்ததோ, அக்கா?" என்று ஒரு நாள் கேட்டார். இல்லை என்று சொல்ல என் நாவு துடித்தது. நான் மருத்துவர் அல்லவே! அதனால் எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். களைப்பு, வெளிறிய முகம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கால் வலி, அடிபடாமலே தோன்றும் நீலத் தழும்புகள் ஆகியவை அந்நோயின் முதல் அடையாளங்கள் என்றும், அவற்றுள் பல சாதாரணக் காய்ச்சலுக்கும் இரத்தச் சோகைக்கும் பொதுவானவை என்றும், களைப்பை மட்டும் வைத்து மருத்துவரும் அறிய இயலாது என்றும் அவர் விளக்கினார். ஆசிரியை நெடுநேரம் பேசவில்லை. நிற்கவைத்ததற்காக அவர் இன்றும் வருந்துகிறார். அந்த வருத்தத்தை நான் பறிக்க முயலவில்லை. குற்றவுணர்வுக்குப் பொய்யான ஆறுதல் சொன்னால், அடுத்த முறை அவர் நம்மிடம் வாய் திறக்கமாட்டார்.

துயரம் எப்போது திரும்பி வரும் என்பதையும் அவரிடமிருந்தே கற்றேன். இறந்த நாளில் எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அவருக்குக் கடினமாக இருந்தவை யாரும் எதிர்பாராத நாட்கள்: அரையாண்டுத் தேர்வில் விடைத்தாள் கட்டில் ஒன்று குறைந்த நாள், வகுப்புப் புகைப்படம் எடுத்த நாள், தேர்ச்சிப் பட்டியல் எழுதிய நாள். இரண்டாண்டு கழித்து அவ்வகுப்பினர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதச் சென்ற காலையில் அவருக்கு ஒரு அஞ்சலட்டை போட்டேன். "இன்று அவளும் போயிருப்பாள்" என்பது மட்டுமே அதில் இருந்தது.

ஏட்டை அவர் திருத்திவிட்டார். நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவரும் அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். தாய் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். தையல் இயந்திரத்தில் பழகிய விரலால் சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பத்து இருந்தது. "எல்லாம் சரியா, டீச்சர்?" என்று கேட்டார்.

"எல்லாம் சரி" என்றார் ஆசிரியை. அவ்வீட்டில் அன்று அவருக்குப் பாய் விரித்து, தாய்க்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள்.