ஒரு நாள் லீவும் "கலாஸ்" என்ற சொல்லும்

"சார், நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கட்டுமா?"

தமிழில் இது ரொம்பச் சாதாரணமான வாக்கியம். தலையைச் சொறிந்துகொண்டே கேட்டுவிடலாம். இதையே ரியாத்தில் ஒரு குடோனில் அரபியில் கேட்கப்போய், உயிரோடு இருக்கும் அண்ணனை ஒருத்தர் சாகடித்த கதை இது. சிரிக்காதீர்கள், அவருக்கு அன்றைக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

அவர் தென்காசிப் பக்கம். சவுதிக்குப் போய் இரண்டு வருடம் முடியவில்லை. அவருடைய அண்ணன் அதே நாட்டில் ஜுபைலில் வேலை பார்த்தார். ஒரே நாடு என்று பெயர்தான்; நடுவில் 400 கிலோமீட்டருக்கு மேல். இவர் வந்து இறங்கியதிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அண்ணன் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்புகிறார். மறுநாள் ராத்திரி தம்மாமில் விமானம். வழியனுப்பப் போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

குடோன் முதீர் (மேலாளரை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சவுதிக்காரர். ஆங்கிலம் கிடையாது. இவருக்குத் தெரிந்தது ரூமில் கற்றுக்கொண்ட அரபி. அதை வைத்து டீ வாங்கலாம், பெட்டியைத் தூக்கி வைக்கச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். அதே அரபியில் நேராகப் போய்ச் சொன்னார்:

"முதீர், அனா அப்கா இஜாஸா."

முதீர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "கம் ஷஹர்?"

எத்தனை மாசம்? :-)

இங்கேதான் முதல் கோளாறு. "இஜாஸா" என்றால் விடுமுறைதான், தப்பில்லை. ஆனால் நம் ஊரில் "லீவு" என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு நாள், அரை நாள். அங்கே வெளிநாட்டுத் தொழிலாளி வாயிலிருந்து "இஜாஸா" என்று வந்தால், மேலாளர் காதில் விழுவது ஊருக்குப் போகிற வருடாந்திர விடுமுறை. சவுதி தொழிலாளர் சட்டப்படி அது வருடத்துக்குக் குறைந்தது 21 நாள், ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 30 நாள். இரண்டு வருடத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். அதற்கு டிக்கெட், போய்த் திரும்புவதற்கான விசா என்று ஆயிரம் வேலை. ரமலானுக்கு முந்தைய வாரம், குடோனில் சரக்கு மலைபோலக் குவிந்து கிடக்கிறது. முதீர் முகம் மாறாமல் என்ன செய்யும்?

இரண்டாவது கோளாறு, "அனா அப்கா". "எனக்கு வேண்டும்" என்று பொருள். நம்மாள் தமிழில் யோசித்தது "போட்டுக்கட்டுமா" என்று. அந்த "-ட்டுமா"வில்தான் அனுமதி கேட்கும் பணிவு முழுவதும் இருக்கிறது. "வேண்டும்" என்ற பேச்சே அதில் இல்லை. அரபியில் போகும்போது அந்த வால் அறுந்து, "எனக்கு விடுமுறை வேண்டும்" என்ற மொட்டைக் கோரிக்கை மட்டும் போய்ச் சேர்ந்தது.

முகம் மாறியதைப் பார்த்ததும் நம்மாள் பதறிப்போய்க் காரணத்தைச் சொல்லப் போனார். அண்ணன், வேலை முடிந்தது, ஊருக்குப் போகிறார். அவரிடம் இருந்த சொற்கள் இவ்வளவுதான்:

"அகூய் கலாஸ்."

"அகூய்" என்றால் என் சகோதரன். "கலாஸ்" என்றால் முடிந்தது. பெட்டி ஏற்றியாச்சா? கலாஸ். சாப்பாடு தீர்ந்துபோச்சா? கலாஸ். ரூம் அரபியில் பாதிப் பேச்சு இந்த ஒரு சொல்லில்தான் ஓடும். பொருளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு வம்பும் இல்லை. ஆளுக்குப் பக்கத்தில், அதுவும் பதறிய முகத்தோடு வைத்தால்?

முதீர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இவர் தோளில் கை வைத்தார். "அல்லாஹ் யர்ஹமஹ்" என்றார். இறைவன் அவருக்குக் கருணை காட்டட்டும் என்று பொருள். இறந்துபோனவருக்குச் சொல்வது.

நம்மாளுக்கு "அல்லாஹ்" மட்டும் புரிந்தது. நல்லது ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே தலையாட்டினார். முதீர் குழம்பிப்போய் உள்ளே இருந்த பாயைக் கூப்பிட்டார்.

பாய் காயல்பட்டினத்துக்காரர், பதினாலு வருட சவுதிவாசி. இரண்டு வார்த்தை கேட்டதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்தப் பக்கம் திரும்பி, "தம்பி, உங்க அண்ணன் மௌத்தாப் போயிட்டார்னு சொல்லியிருக்கீங்க" என்றார்.

"ஐயையோ பாய்! அவரு நாளைக்கு ஊருக்குப் போறாரு!"

"அது எனக்குத் தெரியும். இவர் மூணு நாள் போயிட்டு வாங்கிறார். என்ன சொல்லட்டும்?"

ஒரு நாள் கேட்டவருக்கு மூன்று நாள் கிடைக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவர் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். பிறகு, "வேணாம் பாய். உசுரோட இருக்கிற மனுசன். ஒரு நாளே கேளுங்க" என்றார்.

பாய் கேட்ட விதம் கவனிக்க வேண்டியது. எடுத்ததும் லீவுக்குப் போகவில்லை. நலம் விசாரித்தார். "தால் உம்ரக்" (உங்கள் ஆயுள் நீளட்டும்) என்று ஆரம்பித்தார். அரபுப் பேச்சில் முதலாளியும் "இன்த", பையனும் "இன்த". நம் "நீங்க" மாதிரி மரியாதையை வினைச்சொல்லின் வாலில் ஒட்டிவிட முடியாது. அதனால் மரியாதையை முன்னாலேயே, தனிச் சொற்களாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். பிறகு கேட்டார்:

"லவ் ஸமஹ்த், மும்கின் யாகுத் இஜாஸா புக்ரா? யோம் வாஹித் பஸ்."

தயவுசெய்து, நாளைக்கு இவர் விடுமுறை எடுக்கலாமா? ஒரே ஒரு நாள் மட்டும். அந்த "மும்கின்"தான் நம்முடைய "-ட்டுமா" இருக்க வேண்டிய இடம். "யோம் வாஹித் பஸ்" என்றதும் மாசக்கணக்கு ஒழிந்தது. காரணத்துக்கு "அகூஹ் அல்கபீர் முஸாஃபிர், குரூஜ் நிஹாயி" என்றார். இவருடைய பெரிய சகோதரர் பயணம் போகிறார், திரும்பி வராத பயணம். அரபியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்தான். "அல்கபீர்" என்று சேர்த்தால்தான் அண்ணன். அதைப் பாய் விடவில்லை.

முதீர் ஒரு கணம் விழித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

நம்மாள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். பாய் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த "இன்ஷா அல்லாஹ்" சம்மதமாகவும் இருக்கலாம், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனசில்லாததாகவும் இருக்கலாம். அடுத்த கேள்வி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தது: "மீன் பதாலக்?" உனக்குப் பதிலாக யார்?

அந்தக் கேள்வி வந்துவிட்டாலே முக்கால்வாசி லீவு கிடைத்த மாதிரி. கொடுக்கிற எண்ணம் இல்லாதவர் பதில் ஆளைப் பற்றி ஏன் கேட்கப்போகிறார்? பாய் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "அனா" என்றார்.

முதீர் கையை வீசி, "கலாஸ்" என்றார்.

அதே சொல்தான். இந்தத் தடவை யாரும் சாகவில்லை. முடிவாயிற்று, போய்வா என்று பொருள்.

மறுநாள் ராத்திரி தம்மாம் விமான நிலையத்தில், உள்ளே போவதற்கு முன்னால் அண்ணனிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு ஒன்று கேட்டாராம்: "மூணு நாள் குடுத்தும் வேணாம்னு வந்துட்டியாடா?"

அதற்குத் தம்பி பதில் சொல்லவில்லை. அண்ணனின் பெட்டியைத் தள்ளுவண்டியில் தூக்கி வைத்திருக்கிறார்.